ஊசி முழுசாகக் கிடைத்ததா?

போன மாதம் ஒரு தம்பி கதை ஒன்று அனுப்பியிருந்தார். ஊர் முதலிபாளையம். திருப்பூர்க்காரர்களுக்குச் சிட்கோ என்றால் சட்டென்று புரியும். அங்கே ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்கிறார். கதை கையெழுத்தில் 17 பக்கம். வாட்ஸ்அப்பில் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பி, கடைசியில் "உண்மையச் சொல்லுங்ணா, சங்கடப்படமாட்டேன்" என்று ஒரு வரி. சங்கடப்பட்டார். ஒரு வாரம் பேசவில்லை. பிறகு அவரே கூப்பிட்டார். அதன்பிறகு நாங்கள் பேசியதை, கதையிலிருந்து சில பகுதிகளோடு இங்கே எழுத அனுமதியும் கொடுத்தார். பெயர் வேண்டாம் என்றார், கம்பெனி பெயர் கண்டிப்பாக வேண்டாம் என்றார். ஆகவே தம்பி என்றே எழுதுகிறேன்.

கதை இதுதான். செல்வி ஓவர்லாக் டெய்லர். ஷிப்மென்ட் நெருக்கடி, நைட்டு வேலை. தூக்கக் கலக்கத்தில் ஊசி விரலில் இறங்கிவிடுகிறது. கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். சனிக்கிழமை சம்பளத்தில் அரை ஷிப்ட் பிடித்துவிடுகிறார்கள். இதெல்லாம் ஐந்து பக்கத்தில் முடிந்துவிடுகிறது. மீதி 12 பக்கத்தில் மூன்று பிரசங்கங்கள். முதலில் மூத்த டெய்லர் மயில்சாமி சக தொழிலாளர்களிடம் உழைப்புச் சுரண்டல் பற்றிப் பேசுகிறார். அதைக் கதவோரம் நின்று கேட்ட முதலாளி மனம் திருந்தி அவர் பங்குக்குப் பேசுகிறார். கடைசியில் செல்வி வீட்டுக்குப் போய், பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கல்வியின் அவசியத்தைப் பற்றிப் பேசுகிறாள். சுபம்.

முதலில் மூன்றாம் பக்கத்தைப் படியுங்கள். எழுத்துப்பிழை மட்டும் திருத்தியிருக்கிறேன்.

"செல்வி கையை இழுத்தாள். வரவில்லை. மெஷினை ஆஃப் பண்ணு என்று யாரோ கத்தினார்கள். பக்கத்து மெஷின் அக்கா வந்து சக்கரத்தைக் கையால் பின்பக்கமாகச் சுற்றினாள். விரல் மேலே வந்தது. சூப்பர்வைசர் ஓடி வந்தான். ஊசி முழுசாக் கெடச்சுதா என்றான்."

அவ்வளவுதான். அடுத்த வரியில் ரத்தம், கண்ணீர், 'அந்தோ' எல்லாம் வந்துவிடுகிறது. ஆனால் "ஊசி முழுசாக் கெடச்சுதா" என்ற வரியில் நான் அப்படியே நின்றுவிட்டேன். அந்த வரி எத்தனை பெரியது என்பது கம்பெனி பழக்கம் தெரியாதவர்களுக்குப் புரியாது. கொஞ்சம் விளக்குகிறேன்.

ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனிகளில் உடைந்த ஊசிக்கு என்று ஒரு ரெஜிஸ்டர் உண்டு. ஊசி உடைந்தால் டெய்லர் பாட்டுக்கு வேறு ஊசியை எடுத்து மாட்டிக்கொள்ள முடியாது. மெஷினை நிறுத்தி, உடைந்த துண்டுகள் அத்தனையையும் தேடிப் பொறுக்கி, ஊசிக்குப் பொறுப்பானவரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவர் துண்டுகளைச் சேர்த்து வைத்து ஒரு முழு ஊசி வருகிறதா என்று பார்ப்பார். வந்தால் செலோ டேப் போட்டு ரெஜிஸ்டரில் ஒட்டி, தேதி, மெஷின் நம்பர், டெய்லர் பெயர் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு புது ஊசி தருவார். ஒரு துணுக்கு குறைந்தாலும் வேலை நின்றுவிடும். அந்த மெஷினில், அந்த மேசையில் இருக்கிற துணியெல்லாம் ஒதுக்கப்படும், மெட்டல் டிடெக்டரில் போட்டுப் பார்ப்பார்கள். காரணம் எளிது. எங்கோ ஓர் ஐரோப்பிய நாட்டில் ஒரு குழந்தை போடும் சட்டைக்குள் ஊசிமுனை இருந்துவிட்டால் மொத்த ஆர்டரும் திரும்பும், பணம் பிடிப்பார்கள், பையரும் போய்விடுவார். எந்த ஆடிட்டிலும் அந்த ரெஜிஸ்டரைப் புரட்டிப் பார்க்காமல் விடமாட்டார்கள்.

இப்போது சூப்பர்வைசரின் கேள்வியை மறுபடியும் படித்துப் பாருங்கள். அவன் கெட்டவன் இல்லை. கல்நெஞ்சனும் இல்லை. அவன் வேலையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கிறான். ஊசியின் ஒரு துண்டு அந்தப் பெண்ணின் விரலுக்குள் இருக்கிறது. ஏதோ நாட்டுக் குழந்தைக்கு அது குத்திவிடக் கூடாது என்பதற்கு நோட்டுப் புத்தகம், டேப், கையெழுத்து எல்லாம் இருக்கிறது. இவள் விரலில் குத்தியதற்கு அந்த நோட்டில் ஒரு கட்டம்கூட இல்லை.

தம்பி சொல்ல வந்தது முழுக்க இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. அது அவருக்கே தெரியவில்லை. ஆகவேதான் ஏழாம் பக்கத்தில் மயில்சாமியை எழுப்பி நிற்க வைத்திருக்கிறார்:

"நண்பர்களே! நாம் தைப்பது வெறும் துணியல்ல. நம் ரத்தத்தை நூலாக்கி, நம் வியர்வையைச் சாயமாக்கி, யாரோ உடுத்த நாம் நைந்துபோகிறோம். உழைப்பவனுக்கு ஒரு நீதி, உடையவனுக்கு ஒரு நீதியா? என்று விழிக்கும் இந்தச் சமுதாயம்?"

இப்படியே இரண்டரைப் பக்கம். போன் கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். நாலு நிமிஷம் பத்து செகண்டு ஆனது. தம்பியிடம் கேட்டேன்: "ஷிப்மென்ட் நைட்ல, ஓவர்லாக் லைன் ஓடிட்டிருக்கிறப்ப, நாலு நிமிஷம் ஒருத்தர் எந்திரிச்சுப் பேசுவாரா?"

சிரித்தார். "பக்கத்துல இருக்கிறவன் கூப்பிட்டாலே கேக்காதுங்ணா. நாலு நிமிஷத்துல பத்துப் பீஸ் போயிரும்."

"இது உங்களுக்குத் தெரியுது. மயில்சாமிக்கு ஏன் தெரியல?"

பதில் இல்லை. எனக்கும் இந்தக் கேள்வி கொஞ்சம் குரூரமாகத்தான் பட்டது. ஆனால் அதைத்தான் கேட்க வேண்டியிருந்தது. பிரசங்கம் தொடங்கும் இடத்தில் மெஷின் சத்தம் நின்றுவிடுகிறது. லைட்டு, தூசு, பஞ்சு, டீ வருகிற நேரம், பக்கத்தில் கைமடிக்கிற பிள்ளை எல்லாம் காணாமல் போகின்றன. ஏழாம் பக்கம் வரைக்கும் தம்பிக்கு ஒரு இடம் அங்குலம் அங்குலமாகத் தெரிகிறது. ஏழாம் பக்கத்திலிருந்து அவருக்கு ஒரு கருத்து மட்டும் தெரிகிறது. அந்தக் கருத்து எல்லோருக்கும் தெரியும்.

இதைக் கண்டுபிடிக்க நான் வைத்திருக்கும் ஒரு சின்ன வழி, சொற்களை மாற்றிப் பார்ப்பது. மயில்சாமியின் பேச்சில் 'துணி' என்று வருகிற இடத்தில் 'பட்டாசு' என்று போடுங்கள். நூலைத் திரியாக்குங்கள், சாயத்தை மருந்தாக்குங்கள். பேச்சு சிவகாசிக்குப் போய்விடும். 'செங்கல்' போட்டால் சூளைக்குப் போகும். ஒரு தையல் பிரியாது. மூன்றாம் பக்கத்தை அப்படி மாற்றிப் பார்த்தால் முடியாது. சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றினால் ஊசி மேலே வரும் என்பதைப் பட்டாசாலைக்குக் கொண்டுபோக வழியில்லை. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு எளிதாகப் பெயர்ந்து போகிற பக்கம் எதுவோ, அதுவே பிரசங்கம்.

தம்பியை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. நம் நாவல் பிறந்ததே போதனையோடுதான். 1879-ல் அச்சான வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' முழுக்கக் கதையை நிறுத்திவிட்டு நீதி பேசும் இடங்கள் உண்டு. மு.வ. நாவல்களில் இரண்டு பேர் சந்தித்தாலே ஒரு கட்டுரை பிறந்துவிடும். நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அதைத்தான் நல்ல எழுத்து என்று நம்பினேன், நோட்டில் எழுதியும் வைத்தேன். சினிமாவில் 'பராசக்தி' ஒன்றே போதும். நம் ஊரில் பேனா பிடிக்கிற எல்லோருக்குள்ளும் ஒரு குணசேகரன் கூண்டில் ஏறக் காத்திருக்கிறான்.

ஆனால் 'பராசக்தி' விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1952-ல் வந்த அந்தப் படத்தின் கோர்ட்டு வசனம் இன்றைக்கும் ஏன் நிற்கிறது? கருணாநிதியின் தமிழ், சிவாஜியின் குரல், இரண்டும் சரி. மூன்றாவது காரணம், அது கோர்ட்டு. பூசாரியைத் தாக்கிய குற்றத்துக்காக அவன் நிற்கிறான். பேச வேண்டிய இடம், பேச வேண்டிய முறை, எதிரே கேட்டே ஆக வேண்டிய நீதிபதி, தவறாகப் பேசினால் தண்டனை. பேச்சே அங்கே செயல். மயில்சாமிக்கு இதில் எதுவும் இல்லை. அவர் பேசுவதால் அவருக்கு ஒரு ரூபாய் நஷ்டமில்லை. கேட்கிறவர்களுக்கு அவர் சொல்வது முன்பே தெரியும். ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. "அட நிறுத்துங்ணா, பீஸ் நிக்குது" என்று ஒருவர் சொல்லியிருந்தால்கூட அந்தக் காட்சி உயிர் பெற்றிருக்கும்.

ஆக, பாத்திரம் பேசவே கூடாது என்பது என் கட்சி இல்லை. யாரிடம் பேசுகிறார், அதனால் அவருக்கு என்ன ஆகும், கேட்கிறவர் என்ன செய்வார் என்ற மூன்றுக்கும் கதைக்குள் பதில் இருந்தால் இரண்டு பக்கம் பேசட்டும். இல்லையென்றால் பேசுவது எழுத்தாளர். கேட்பது நாம். நடுவில் மயில்சாமி வெறும் மைக்.

தம்பி இதை எளிதில் விடவில்லை. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன், ஏனென்றால் அதில் நியாயம் இருக்கிறது.

"நீங்க சொல்ற மாதிரி சூசகமா எழுதுனா, படிக்கிறவங்க ரசிச்சிட்டுப் போயிருவாங்க. எங்க ஆளுங்க வாயத் தொறந்து பேசுனதே இல்லைங்ணா. கதையிலயாவது ஒருத்தன் பேசட்டுமே. போன மே தினத்துல இத வாசிச்சேன். மயில்சாமி பேசுறப்பத்தான் கை தட்டுனாங்க."

கை தட்டியதை நான் மறுக்கவில்லை. மேடையில், தெரு நாடகத்தில், கூடியிருக்கிற ஆட்களுக்கு நடுவே அந்தப் பேச்சுக்கு ஒரு வேலை இருக்கிறது. எல்லோரும் ஏற்கெனவே நம்புகிற ஒன்றைச் சேர்ந்து உரக்கச் சொல்லிக்கொள்கிற வேலை அது. தனியாக உட்கார்ந்து படிக்கிறவரிடம் அது நடப்பதில்லை. அவரோடு சேர்ந்து கை தட்ட ஆள் கிடையாது. நான் திருப்பிக் கேட்டேன்: "ஊசி இறங்குற இடத்த வாசிச்சப்ப என்ன பண்ணுனாங்க?"

யோசித்தார். "ஒண்ணும் பண்ணலைங்ணா. அமைதியா இருந்தாங்க. ஒரு அக்கா மட்டும் கையப் பாத்துக்கிட்டிருந்துச்சு."

"வாயைத் திறந்து பேசட்டும்" என்ற வாதத்தைப் பற்றி இரண்டு நாள் யோசித்தேன். அப்போதுதான் அப்டன் சின்க்ளேர் ஞாபகம் வந்தார். 1905-ல் ஒரு சோசலிசப் பத்திரிகையில் தொடராக வந்து 1906-ல் புத்தகமானது அவருடைய 'தி ஜங்கிள்'. சிகாகோ இறைச்சித் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் லித்துவேனியக் குடும்பம் ஒன்றின் கதை. எழுதியவரின் நோக்கம் தொழிலாளர் படும் பாட்டைச் சொல்லி மக்களைச் சோசலிசத்துக்குக் கொண்டுவருவது. அதற்காகவே நாவலின் கடைசி அத்தியாயங்களில் கூட்டம் போட்டு நீள நீளமாகப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சுகளை யாரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை. நடுவில் வருகிற அழுகிய இறைச்சியும் எலிகளும்தான் நாட்டையே உலுக்கின. அதே 1906 ஜூனில் உணவுத் தூய்மைக்கும் இறைச்சிச் சோதனைக்கும் இரண்டு சட்டங்கள் வந்தன. தொழிலாளியின் கூலிக்கும் வேலை நேரத்துக்கும் ஒன்றும் வரவில்லை. மக்களின் இதயத்துக்குக் குறிவைத்தேன், தற்செயலாக வயிற்றில் பட்டுவிட்டது என்கிற அர்த்தத்தில் சின்க்ளேரே பிறகு நொந்துகொண்டார்.

இந்த உதாரணத்தை வழக்கமாகப் பிரசங்கத்துக்கு எதிராகத்தான் சொல்வார்கள். பார்த்தாயா, பேச்சு தோற்றது, விவரம் வென்றது என்று. நானும் அப்படிச் சொல்லத்தான் தம்பிக்குப் போன் செய்தேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு இன்னொன்று உறைத்தது. விவரம் வென்றது சரி, அது யாருக்காக வென்றது? இறைச்சி தின்கிறவருக்காக. வெட்டுகிறவருக்காக இல்லை. ஏனென்றால் படித்தவர்கள் இறைச்சியைத் தங்கள் தட்டில் பார்த்தார்கள், அதை வெட்டிய கையை அங்கே பார்க்கவில்லை. உடைந்த ஊசி ரெஜிஸ்டரும் இதே கதைதானே? ஊசி வாங்குகிறவரின் குழந்தை பத்திரமாக இருக்கிறது. அதற்கான ஏற்பாடு பக்காவாக நடக்கிறது. தைக்கிறவள் விரல் எந்த ஏற்பாட்டிலும் வரவில்லை.

ஆகவே வெறுமனே விவரத்தை எழுது, போதனையை விடு என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். விவரம் ஆளோடு ஒட்டியிருக்க வேண்டும். ஊசியை எழுதினால் அது விரலை விட்டு வராதபடி எழுத வேண்டும்.

இதைத் தமிழில் செய்து காட்டியவர் கி.ராஜநாராயணன். 'கதவு' கதையைப் பலரும் படித்திருப்பீர்கள். தீர்வை பாக்கிக்காக ஏழை வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். வரிக்கொடுமை பற்றிக் கதைக்குள் யாரும் மேடை போடவில்லை. முதலில் குழந்தைகள் அந்தக் கதவில் தொற்றிக்கொண்டு பஸ் விளையாடுகிறார்கள். தீப்பெட்டிப் படம் ஒட்டுகிறார்கள். கதவு நமக்கும் விளையாட்டுச் சாமானாகப் பழகிய பிறகுதான் அது பறிபோகிறது. வாடைக்காற்று வீட்டுக்குள் வருகிறபோது இந்தக் கதவுக்கு இத்தனை வேலை இருந்ததா என்று அந்தக் குடும்பத்தோடு சேர்ந்து நாமும் தெரிந்துகொள்கிறோம். கடைசியில் கேட்பாரற்றுக் கிடக்கும் கதவைக் குழந்தைகள் கண்டுபிடித்துக் கட்டிக்கொள்வது மட்டும் நடக்கிறது. கோபம் படிக்கிறவருக்கு வருகிறது. கதைக்குள் யாராவது கோபப்பட்டுப் பேசியிருந்தால் நமக்கு அந்த வேலை மிச்சமாகியிருக்கும்.

இதை வைத்துக்கொண்டு தம்பியின் கதைக்குத் திரும்பினோம். கதவை முன்பே பழக்கிவிட்டதைப்போல ரெஜிஸ்டரையும் முன்பே பழக்க வேண்டும் என்றேன். முதல் திருத்தத்தில் அவர் மூன்று பிரசங்கத்தையும் வெட்டி, கடைசியில் ரெஜிஸ்டரில் ஊசித்துண்டை ஒட்டுவதோடு கதையை முடித்துவிட்டார். எனக்குப் பிரமாதமாகப் பட்டது. கம்பெனிப் பக்கமே போகாத என் தங்கைக்குப் படிக்கக் கொடுத்தேன். "எதுக்கு ஊசிய நோட்டுல ஒட்டுறாங்க? ஞாபகார்த்தமா?" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் ரெஜிஸ்டர் தெரிந்தவர்கள் என்பதால் எங்களுக்கு எல்லாம் புரிந்திருந்தது. சூசகத்தில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. பிரசங்கம் படிக்கிறவரை முட்டாளாக நினைக்கிறது. அடங்கிய எழுத்து சில சமயம் படிக்கிறவரை மறந்தே போகிறது. அப்படி எழுதிவிட்டு 'நல்ல வாசகனுக்குப் புரியும்' என்று சொல்லிக்கொள்வது சோம்பேறித்தனம்தான்.

சரி செய்தது இப்படி. கதையின் முதல் பக்கத்திலேயே ஊசி ஒருமுறை உடைகிறது. யாருக்கும் அடிபடவில்லை. சாதாரணமாக உடைகிறது. ஒரு துணுக்கு கிடைக்கவில்லை. செல்வியும் கைமடிக்கிற பிள்ளையும் தரையில் உட்கார்ந்து காந்தத்தை வைத்துத் தேடுகிறார்கள். கிடைக்கிற வரைக்கும் பீஸ் ஓடாது என்று சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொள்கிறான். செருப்புக்கடியில் கிடைக்கிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள். நோட்டில் ஒட்டுகிறார்கள். ஒன்றரைப் பக்கம்தான், வேடிக்கையாகவே போகிறது. ரெஜிஸ்டர் என்றால் என்ன, ஒரு துண்டு குறைந்தால் என்ன ஆகும் என்பது யாரும் விளக்காமலே தெரிந்துவிடுகிறது. பிறகு இரவு விரலில் ஊசி இறங்குகிறது. "ஊசி முழுசாக் கெடச்சுதா?" இப்போது அந்தக் கேள்வி என் தங்கைக்கும் கேட்டது. அந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

முதலாளி மனம் திருந்துகிற பேச்சுக்குப் பதிலாக என்ன செய்வது என்பதில்தான் அதிகம் சண்டை. முதலாளி திருந்தவே வேண்டாம், வரவும் வேண்டாம் என்றேன். தம்பி யோசித்து ஒரு வாரம் கழித்து ஒரு காட்சி எழுதி அனுப்பினார். ஆடிட் நாள். பையர் தரப்பிலிருந்து வந்தவர் ரெஜிஸ்டரைப் புரட்டுகிறார். ஒவ்வொரு பக்கத்திலும் துண்டுகள் சேர்ந்து முழு ஊசியாக இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்க்கிறார். செல்வியின் பெயர் இருக்கிற பக்கத்தில் டேப்புக்கு அடியில் லேசாகப் பழுப்பாக ஒரு கறை. அவர் அதை நகத்தால் சுரண்டிப் பார்க்கிறார், துரு என்று நினைத்துக்கொண்டு. துண்டுகள் சரியாக இருக்கின்றன. டிக் அடித்துவிட்டு அடுத்த பக்கம் போகிறார். காட்சி அவ்வளவுதான். 'அந்தோ' எழுதிய அதே கை எழுதியது இது.

இந்தத் திருத்தம் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. படித்தவரிடம் கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். பழைய கதையை என் நண்பர் ஒருவர் படித்துவிட்டு, "தொழிலாளர் கஷ்டத்தப் பத்தி எழுதியிருக்கார், நல்ல கருத்து" என்றார். அதோடு சரி. புதிய கதையைப் படித்தவர், "ஒரு பொண்ணு வெரல்ல ஊசி ஒடஞ்சிருது, அவன் என்ன கேக்கிறான் தெரியுமா..." என்று ஆரம்பித்தார். முதல் ஆள் கருத்தைச் சொன்னார், இரண்டாவது ஆள் கதையைச் சொன்னார்.

மிச்சம் இருந்தது மூன்றாவது பிரசங்கம். செல்வி மகளிடம் கல்வி பற்றிப் பேசுவது. இதற்கு நான் ஒரு யோசனை வைத்திருந்தேன். வீட்டில் மகள் ஊசியில் நூல் கோத்துக் காட்டுகிறாள், அம்மா பதறிப்போய்ப் பிடுங்கிவிடுகிறாள். எனக்கே என்னை மெச்சிக்கொள்ளத் தோன்றியது. தம்பி போனில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அது சினிமா மாதிரி இருக்குங்ணா."

"சரி, வேற என்ன நடக்கும்?"

"அம்மா அன்னிக்கு ஒண்ணும் சொல்லலைங்க. வலது கை. கட்டுப் போட்டிருந்துச்சு. சோறப் பெசஞ்சு குடுறா கண்ணுன்னுச்சு. நான் ரெண்டாவது படிச்சிட்டிருந்தேன். வெளிய பசங்க வெளையாடிட்டிருந்தாங்க. நான் வேகவேகமா ஊட்டுனேன். அது மெல்லுறதுக்குள்ள அடுத்த உருண்டைய நீட்டுனேன்."

கதையில் மகள் என்று இருந்தது அவர்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. 17 பக்கத்தில் மூன்று பேரைப் பேச வைத்ததும் எதை மூடுவதற்காக என்பதும் கொஞ்சம் புரிந்தது. அந்தப் பிள்ளை கல்வியின் அருமையைக் கேட்டுக்கொண்டு மடியில் இருக்கவில்லை. விளையாடப் போகும் அவசரத்தில் இருந்தது. இதை எழுதுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமலே இருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை புதிய பிரதி வந்தது. ஒன்பது பக்கம். ஆடிட் காட்சிக்குப் பிறகு வீடு. சோற்று உருண்டை இருக்கிறது. மகள் மகனாகிவிட்டிருந்தான். மயில்சாமியைப் பார்த்தால் அவரும் இருக்கிறார். டீ நேரத்தில், ஏழு வரி. செல்வியின் அரை ஷிப்ட்டைப் பற்றிக் கான்ட்ராக்டரிடம் கேட்கிறார். கான்ட்ராக்டர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நாளைக்கு நீங்க வரவேண்டாமுங்க" என்கிறார்.

ஏழு வரியில் கடைசி இரண்டு இன்னும் கொஞ்சம் மேடைப் பேச்சுப் போலத்தான் இருக்கின்றன, எடுத்துவிடலாம் என்று சொன்னேன். முடியாது என்றுவிட்டார். "வேலையே போயிருச்சு அந்தாளுக்கு. ரெண்டு வரி பேசிட்டுப் போகட்டும் விடுங்ணா."